குழாயை மூட வேண்டியவர் யார்?

நோட்டீஸைப் பேசுகிற தமிழிலேயே எழுதிவிட்டால் என்ன என்று எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் கேட்டார். அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடவில்லை. முப்பது வயதைத் தாண்டிய இளைஞர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். "யாருக்கா 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்'னு பேசறாங்க? படிச்சா புரியணும், அவ்வளவுதானே" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அதே சங்கத்தில் அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரும் இருக்கிறார். அவரைப் பொறுத்தவரை நோட்டீஸ் என்றால் அதற்கு ஒரு தோரணை வேண்டும், பேச்சு மாதிரி எழுதினால் யாரும் மதிக்க மாட்டார்கள். இதிலும் நியாயம் இருந்தது. மெய்ப்புத் திருத்துவதுதான் என் தொழில் என்பதால் இருவரும் தீர்ப்புக்கு என்னிடம் வந்தார்கள். இரண்டு பேரும் தவறான இடத்தில் சண்டை போடுகிறார்கள் என்பது எனக்கே தெளிவாகக் கொஞ்ச காலம் பிடித்தது.

தாம்பரம் பக்கத்தில் 24 வீடுகள் உள்ள மூன்று மாடிக் கட்டடம் எங்களுடையது. கோடை வந்தால் நாள் முழுவதும் தண்ணீர் விட முடியாது, நேரம் வைத்துத்தான் மோட்டார் போடுவார்கள். அப்படி ஒரு கோடையில் சம்ப்பையும் மாடித் தொட்டியையும் சுத்தம் செய்ய ஆள் ஏற்பாடு செய்துவிட்டு, செயலாளர் முந்தின நாள் இரவு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரி போட்டார். தமிழ்தான், ஆனால் ஆங்கில எழுத்தில் அடித்தது. நாளைக்குப் பத்திலிருந்து நாலு வரை தண்ணி வராது என்பது அவர் சொல்ல வந்தது. அந்தக் கடைசிச் சொல்லின் நடுவில் ஆங்கில 'ஏ' எழுத்தை ஒன்று மட்டும் போட்டு, varadhu என்று அடித்திருந்தார். வராது என்று நினைத்துப் படித்தால் வராது, வருது என்று நினைத்துப் படித்தால் வருது. தினமும் நேரம் வைத்துத் தண்ணீர் விடுகிற காலம் என்பதால், பத்திலிருந்து நாலு வரை தண்ணீர் வருகிறது என்று சில வீடுகளில் சந்தோஷமாகவே எடுத்துக்கொண்டார்கள். துணி துவைப்பதைப் பத்து மணிக்கு மேல் என்று தள்ளி வைத்தார்கள். தமிழ் எழுத்தில் அடித்திருந்தால் ஒரு காலும் ஒரு உகரமும் இந்தக் குழப்பத்தைத் தீர்த்திருக்கும்.

யாருடைய பேச்சு?

இந்த இடத்தில் பேச்சுத் தமிழைக் குறை சொல்லிவிட்டு நகர்வது எளிது. எனக்கு அதில் விருப்பமில்லை. ஒருவருக்கு ஒருவர் அனுப்பும் செய்தியில் பேச்சுத் தமிழ்தான் சரி. என் நாத்தனாருக்கு "எப்போது வருகிறீர்கள்?" என்று நான் அனுப்பினால், என்மேல் ஏதோ கோபம் என்று அடுத்த நிமிடமே போன் வரும். "எப்ப வர்றீங்க" என்றால்தான் அது விசாரிப்பு. "வாங்களேன்" என்பதில் கடைசியில் ஒட்டியிருக்கிற அந்த ஏன், அழைப்பையும் கெஞ்சலையும் உரிமையையும் ஒன்றாகச் சொல்லிவிடும். "வாருங்கள்" என்று எழுதினால் அதெல்லாம் காணாமல் போய்விடும், கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆகிவிடும். முகம் தெரிந்தவருக்கு எழுதும்போது நம் குரலையும் சேர்த்துத்தான் அவர் படிக்கிறார்.

சுவரில் ஒட்டுகிற காகிதத்துக்கு அந்தக் குரல் கிடையாது. பேசுகிற மாதிரி எழுதலாம், சரி, யார் பேசுகிற மாதிரி? எங்கள் கட்டடத்திலேயே செயலாளர் சென்னை, இரண்டாம் மாடியில் மதுரைக் குடும்பம், அவர்களுக்கு எதிர்வீடு திருநெல்வேலி, கீழே கோயம்புத்தூர்க்காரர்கள். "கூட்டத்துக்கு வந்துடுங்க" என்று சென்னையில் சொல்வது மதுரைப் பக்கம் "வந்துருங்க" ஆகிவிடும், இன்னும் சிலர் "வந்திருங்க" என்று எழுதுவார்கள். மூன்றும் ஒரே அர்த்தம்தான் என்று பேசும்போது சந்தேகமே வராது. எழுத்தில் 'வந்திருங்க' என்றால், முன்னதாகவே வந்து இருங்கள் என்றும் படிக்க இடமிருக்கிறது. "வந்துவிடுங்கள்" என்று எழுதினால் அது யாருடைய ஊர்ப் பேச்சும் இல்லை, அதனாலேயே எல்லோருக்கும் பொது. பேச்சில் ஊர் மட்டுமா தெரிகிறது, சாதியும் தெரியும், படிப்பும் தெரியும். சங்கத்தின் பெயரில் வெளிவருகிற ஒரு காகிதம் அதில் எந்த ஒன்றின் சாயலிலும் இருக்கக் கூடாது என்பதில் எனக்கு இப்போதும் மாற்றுக் கருத்து இல்லை.

இன்னொன்றும் உண்டு, இதைத் திருத்தும் வேலையில் அடிக்கடி பார்க்கிறேன். பேச்சில் 'அவங்க' என்பது ஒருவரா பலரா என்று சொல்லாது. "தொட்டி கழுவ அவங்க நாளைக்கு வராங்க, பணத்தை அவங்ககிட்டயே குடுத்துடுங்க" என்றால் வருவது மேஸ்திரியா, நாலு ஆட்களா, பணம் யார் கையில்? எதிரில் நிற்பவரிடம் சொன்னால் அவரே திருப்பிக் கேட்டுக்கொள்வார். காகிதத்திடம் யாரும் திருப்பிக் கேட்க முடியாது. எழுத்துத் தமிழில் வருகிறார், வருகிறார்கள் என்று வினைமுற்றே பிரித்துச் சொல்லிவிடுகிறது. எழுத்து இலக்கணம் வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த ஒன்றைத்தான்.

பெரியவர் எழுதிய நோட்டீஸ்

தண்ணீர்க் குழப்பத்துக்குப் பிறகு, அடுத்த முறை தொட்டி கழுவும்போது நோட்டீஸ் எழுதும் பொறுப்பு பெரியவருக்குப் போனது. அவர் எழுதி, அச்சடித்து, லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியது இப்படி இருந்தது:

"இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், மேற்படி குடியிருப்பின் கீழ்நிலை மற்றும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகள் தூய்மைப்படுத்தப்பட உள்ளபடியால், வரும் ஞாயிறன்று நீர் விநியோகம் நிறுத்தி வைக்கப்படும் எனவும், குழாய்கள் அனைத்தும் மூடி வைக்கப்பட வேண்டும் எனவும், இதற்குக் குடியிருப்போர் ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

இதில் எழுத்துப் பிழை தேடினால் கிடைக்காது. ஒற்றுகூடச் சரியாக இருக்கிறது. ஆனால் 'மேற்படி குடியிருப்பு' என்கிறார், மேலே எந்தக் குடியிருப்பும் சொல்லப்படவில்லை. 'வரும் ஞாயிறு' என்கிறார், காகிதத்தில் தேதி இல்லாததால் எந்த ஞாயிறு என்று தெரியாது. எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்பதும் இல்லை. தோரணையைக் கட்டுவதிலேயே கவனம் போய்விட்டால் இப்படித்தான், தகவல் நழுவிவிடுகிறது. முதல் வரி தண்டோராவிலிருந்து வந்தது. பறை அடித்து, தெருமுனையில் நின்று, "இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்" என்று இழுத்துச் சொன்னால்தான் வீட்டுக்குள் இருப்பவர்கள் வாசலுக்கு வந்து காது கொடுப்பார்கள். ஆட்களைச் சேர்க்கிற நேரத்துக்காக வைத்த வாக்கியம் அது. காகிதத்தின் முன்னால் வந்து நிற்பவர் ஏற்கெனவே வந்து நின்றுவிட்டார், அவருக்கு அது தேவையில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கலை அந்த ஞாயிற்றுக்கிழமைதான் காட்டியது. 'குழாய்கள் அனைத்தும் மூடி வைக்கப்பட வேண்டும்'. யார் மூட வேண்டும்? மூன்றாம் மாடியில் ஒரு குடும்பம் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. நோட்டீஸைப் படித்தவர்கள்தான், படிக்காதவர்கள் இல்லை. பிளம்பர் வந்து மெயின் வால்வை மூடப் போகிறார் என்று புரிந்துகொண்டார்கள். அந்த வாக்கியத்தில் அப்படிப் புரிந்துகொள்ள எல்லா இடமும் இருக்கிறது. கிளம்பும் அவசரத்தில் யாரோ சமையலறைக் குழாயைத் திருகிப் பார்த்து, தண்ணீர் வராததால் அப்படியே விட்டுவிட்டுப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சிங்க்கில் கீரை கழுவிய பாத்திரம் கவிழ்ந்து கிடந்து வடிகாலை அடைத்திருந்தது. மாலையில் தண்ணீர் விட்டபோது வழிந்து, தரையெல்லாம் ஓடி, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. புதிதாகக் கழுவி நிரப்பிய மாடித் தொட்டியும் பாதி காலி.

செயப்பாட்டு வினை தமிழுக்கே ஆகாது என்று சிலர் சொல்வார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. செய்பவர் யார் என்பது முக்கியமில்லாத இடத்தில், அல்லது எல்லோருக்கும் தெரிந்த இடத்தில், 'படும்' ஒரு கெடுதலும் செய்யாது. "தண்ணீர் நிறுத்தப்படும்" என்பதில் யார் நிறுத்தினால் எனக்கென்ன, வராது என்று தெரிந்தால் போதும். படிப்பவர் கையை அசைக்க வேண்டிய இடத்தில்தான் அது ஆபத்து, ஏனென்றால் அந்த இடத்தில் 'நீங்கள்' இருந்தே ஆக வேண்டும், செயப்பாட்டு வினை முதலில் அதைத்தான் கழற்றிவிடுகிறது.

வாட்ச்மேன் படித்துக் காட்டியது

என் மனதில் இந்த விஷயம் தெளிந்தது வேறொரு இடத்தில். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. லிஃப்ட் பக்கத்தில் புதிதாக எது ஒட்டினாலும் வாட்ச்மேன் அண்ணனிடம் "என்னண்ணே போட்டிருக்கு" என்று கேட்பார். அண்ணன் விழுப்புரம் பக்கத்துக்காரர். ஒருமுறை கார் நிறுத்துவது பற்றி நான் எழுதிக் கொடுத்த சின்ன அறிவிப்பை அவர் படித்துக் காட்டியதைத் தற்செயலாகக் கேட்டேன். 'வண்டியைக் கேட் ஓரமாக நிறுத்தாதீர்கள்' என்று காகிதத்தில் இருந்தது. அவர் கண்ணைக் காகிதத்தில் வைத்தபடியே "வண்டிய கேட் ஓரமா நிறுத்தாதீங்கன்னு போட்டுக்குது" என்றார். யோசிக்கவில்லை, நிறுத்தவில்லை, எழுத்துத் தமிழ் அவர் வாயில் வந்தபோது அவருடைய ஊர்த் தமிழாகிவிட்டது. ஆனால் பெரியவரின் நோட்டீஸ் வந்தபோது அவரும் "தூய்மைப்படுத்தப்பட உள்ளபடியால்" என்று எழுத்துக் கூட்டி அப்படியே வாசித்தார், கடைசியில் "ஏதோ தண்ணி மேட்டருக்கா" என்று முடித்துக்கொண்டார்.

எனக்கு அளவுகோல் அங்கேதான் கிடைத்தது. நல்ல அறிவிப்பு பேச்சுத் தமிழில் இருக்க வேண்டியதில்லை. படிக்கும்போதே அவரவர் பேச்சாக மாற்றிக்கொள்ளும்படி இருக்க வேண்டும். பேச்சாக மாற மறுக்கிற வாக்கியம் எழுத்திலேயே பழுதானது. அப்படி மாற வேண்டுமென்றால் பெயர்ச்சொற்கள் பேச்சில் புழங்குபவையாக இருக்க வேண்டும், தண்ணீர், குழாய், மாடித் தொட்டி, மோட்டார் என்று. வினைமுற்றும் வேற்றுமை உருபும் எழுத்திலக்கணப்படி இருக்க வேண்டும். 'தொட்டியில' என்பது தொட்டியில், 'செயலாளர்கிட்ட' என்பது செயலாளரிடம், 'வச்சுக்கோங்க' என்பது வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அறிவிப்புக்குத் தேவையான மரியாதை முழுவதும் இந்த ஈறுகளிலேயே வந்துவிடுகிறது. நீர், நீர்த்தேக்கம், விநியோகம், நல்குமாறு என்று சொல்லைக் கனமாக்கி மரியாதை தேட வேண்டியதில்லை. செயலாளர் ஈறுகளையும் சேர்த்து மாற்றப் பார்த்தார், பெரியவர் சொற்களையும் சேர்த்து உயர்த்தப் பார்த்தார்.

1942-இல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தி டீக்கடை பெஞ்சில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்கும் பத்திரிகையாக வளர்ந்ததும் இந்த வழியில்தான் என்று நினைக்கிறேன். தெருவில் புழங்கும் சொல், சின்ன வாக்கியம், ஆனால் முடிவில் எழுத்துத் தமிழின் வினைமுற்று.

மூவரும் உட்கார்ந்து எழுதியது

அடுத்த முறை மூவருமாக எங்கள் வீட்டில் உட்கார்ந்தோம். பெரியவருக்கு 'செய்யுங்கள்' என்பதில் தயக்கம். "அது கட்டளை மாதிரி இருக்கும்மா. நாம யாரு அவங்களுக்கு உத்தரவு போட? 'படுகிறது' போட்டா யாரையும் குத்தாது" என்றார். அவர் சொன்னது வெறும் பழக்கம் இல்லை. அலுவலகத்தில் ஆணை பிறப்பிப்பது ஒரு நாற்காலி, மனிதர் இல்லை, அதனால் அங்கே 'ஆணையிடப்படுகிறது' பொருந்தும். இங்கே கையெழுத்துப் போடுகிறவர் பக்கத்து வீட்டுக்காரர். அவர் "மூடிவிட்டுச் செல்லுங்கள் சார்" என்று படிக்கட்டில் சொன்னால் யாருக்கும் கோபம் வராது. 'உங்கள்' என்ற ஈறே மரியாதைப் பன்மைதான், அதற்குமேல் தேவையென்றால் காரணத்தை ஒரு வரி முன்னால் சொன்னால் போதும் என்றேன். சரி, எழுதிப் பார்ப்போம் என்றார்.

'செய்யவும்' என்று போடலாமா என்பது அடுத்த பேச்சு. பள்ளிக்கூடத்தில் வியங்கோள் என்று படித்தோமே, க, இய, இயர் என்று முடிவது, எல்லாப் பாலுக்கும் எல்லா இடத்துக்கும் பொதுவானது, வருக, வாழிய என்று. அந்த வேலையை இன்றைய அறிவிப்புகளில் பெரும்பாலும் 'அவும்' செய்கிறது. "செருப்பைக் கழற்றவும்", "வரிசையில் நிற்கவும்". யாரையும் முகம் பார்த்துப் பேசாது, ஆனாலும் யார் செய்ய வேண்டும் என்பதில் சந்தேகம் வைக்காது. பலகையில் எழுதுகிற இரண்டு சொல் அறிவிப்புக்கு அதுதான் சரி. ஐந்து வரி தொடர்ந்து அவும், அவும் என்று வந்தால் மட்டும் படிக்க வறட்சியாக இருக்கும். நாங்கள் 'உங்கள்' என்றே வைத்தோம். ஒரு தாளில் இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும், பாதியில் மாற்றினால் இரண்டு பேர் எழுதியது போல் ஆகிவிடும்.

நாமா நாங்களா என்பதிலும் கொஞ்ச நேரம் நின்றோம். செயலாளர் 'எங்கள் குடியிருப்பின்' என்று தொடங்கியிருந்தார். படிப்பவரும் அதே குடியிருப்பில் இருப்பவர், அவரை வெளியே நிறுத்திவிடும் சொல் அது. 'நமது' என்று மாற்றினோம். ஆனால் சுத்தம் செய்ய ஆள் பேசியது, நாள் குறித்தது எல்லாம் நிர்வாகக் குழு மட்டும் எடுத்த முடிவு. அதை 'நாம் முடிவு செய்துள்ளோம்' என்று எழுதினால் பொதுக்குழுவில் எல்லோரும் சம்மதித்தது போல் ஆகிவிடும். அங்கே 'நிர்வாகக் குழு' என்றே போட்டோம். கடைசியில் ஒட்டியது இது:

"அறிவிப்பு
தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்தல்

19.05.2024 ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை குழாயில் தண்ணீர் வராது. நமது குடியிருப்பின் சம்ப்பையும் மாடித் தொட்டியையும் சுத்தம் செய்ய நிர்வாகக் குழு அன்று ஏற்பாடு செய்துள்ளது.

தேவையான தண்ணீரைக் காலை 9 மணிக்குள் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். வெளியே செல்பவர்கள் வீட்டில் உள்ள எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுச் செல்லுங்கள். திறந்திருந்தால் மாலையில் தண்ணீர் வரும்போது வீட்டுக்குள் வழியும். தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடுவதால் முதலில் வரும் தண்ணீரில் வாடை இருக்கும், அதைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்த வேண்டாம். சம்ப் திறந்திருக்கும் நேரத்தில் குழந்தைகளை அந்தப் பக்கம் விடக் கூடாது.

செயலாளர்"

'வேண்டாம்' ஓரிடத்திலும் 'கூடாது' ஓரிடத்திலும் வந்திருப்பது கவனமாகச் செய்ததுதான். வாடை உள்ள தண்ணீரைப் பயன்படுத்தாதீர்கள் என்பது யோசனை, திறந்த சம்ப் பக்கம் குழந்தையை விடாதீர்கள் என்பது விதி. எல்லாவற்றுக்கும் 'கூடாது' போட்டுவிட்டால், உண்மையிலேயே ஆபத்தான வரி தனியாகத் தெரியாது. நாள், நேரம், தண்ணீர் வராது என்ற செய்தி மூன்றும் முதல் வாக்கியத்திலேயே இருக்க வேண்டும் என்பதில் பெரியவரே பிடிவாதமாக இருந்தார், லிஃப்ட் வரும்வரை நிற்கிறவர் அதைத்தான் படிப்பார் என்றார்.

வாட்ஸ்அப் குரூப்பிலும் இதே அறிவிப்பை அப்படியே போட்டோம், அதற்கு மேலே செயலாளர் தன் குரலில், தமிழ் எழுத்தில், "ஞாயித்துக்கிழமை பத்துல இருந்து நாலு வரைக்கும் தண்ணி வராதுங்க, விவரம் கீழே இருக்கு" என்று ஒரு வரி சேர்த்தார். அங்கே அது பொருத்தம், குரூப்பில் அவர் பெயரும் படமும் தெரிகிறது, அவர் பேசுவதாகவே எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அங்கேயும் 'நாளைக்கு' என்று போடக் கூடாது என்று சொல்லி வைத்தேன். ஒருவர் போட்டதை இன்னொருவர் மறுநாள் வேறு இடத்துக்கு அனுப்பும்போது அந்தச் சொல் வேறு நாளைக் காட்டிவிடும்.

எல்லா அறிவிப்பையும் இந்த அளவுக்கு எளிமையாக்கிவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். இப்போது பராமரிப்புத் தொகை கட்டாத வீடுகளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம். இது நாளைக்கு யாராவது வழக்கறிஞரிடம் எடுத்துப் போகக்கூடிய காகிதம். பாக்கி என்று எழுதலாம் என்கிறார் செயலாளர், நிலுவை என்றுதான் எழுத வேண்டும் என்கிறார் பெரியவர். சங்க விதிகளில் 'நிலுவை' என்று இருப்பதால் இதில் பெரியவர் பக்கம்தான் நான். விதியில் உள்ள சொல்லை மாற்றினால் வேறு எதையோ குறிக்கிறோம் என்று வாதிட இடம் கொடுத்ததாகிவிடும். 'அபராதம் வசூலிக்கப்படும்' என்பதையும் அப்படியே விட்டுவிட்டோம், வசூலிப்பது சங்கம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் 'தொகை செலுத்தப்பட வேண்டும்' என்ற வரியை அடித்துவிட்டு, 'தொகையை இந்த மாதம் 25-ஆம் தேதிக்குள் செலுத்துங்கள்' என்று மாற்றியிருக்கிறோம், பெரியவர் கையாலேயே.